ஆண்டறிக்கையில் நீக்கப்பட்ட ஒரு வரி

ஆத்தூர் வட்டாரத்துத் தென்னை விவசாயிகள் நடத்தும் உற்பத்தியாளர் நிறுவனம் ஒன்றின் நடவடிக்கைக் குறிப்பேட்டில் என்னைப் பற்றி ஒரே ஒரு வாக்கியம் இருக்கிறது. “தமிழ் ஆண்டறிக்கையின் இறுதிப் பத்தியில் உள்ள ஒரு வரி குறித்து உறுப்பினர்கள் எழுப்பிய ஐயத்துக்கு மொழிபெயர்ப்பாளர் விளக்கமளித்தார், அவ்வரி நீக்கப்பட்டது.” அவ்வளவுதான். ஆனால் திண்டுக்கல்லில் என்னுடன் காலையில் நடக்க வருவோர் நடுவே இது வேறு உருவம் எடுத்துவிட்டது. “வாத்தியாரு ரிப்போர்ட்டத் தப்பா எழுதி, கூட்டத்துல மாட்டிக்கிட்டாராம்ல!” என்று ஒருவர் என் காதுபடவே சொன்னார். நான் தப்பாக எழுதவில்லை. எழுத வேண்டாததை எழுதினேன். இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை நடைபாதையில் மூச்சிரைக்க விளக்க இயலாது. ஆகவேதான் இதனை எழுதி வைக்கிறேன்.

முப்பத்திரண்டு ஆண்டுகள் கல்லூரியில் தமிழ் கற்பித்து ஓய்வுபெற்றவன் நான். ஓய்வுக்குப் பின் கல்வெட்டு, நிகண்டு என்று அமைதியாக இருந்தவனைத் தேடி ஒரு பிற்பகலில் இருவர் வந்தனர். ஒருவர் அந்நிறுவனத்தின் தலைவர். சித்தையன்கோட்டைப் பக்கத்தில் மூன்று ஏக்கர் தென்னை வைத்திருக்கும் ஐம்பது வயதுப் பெண்மணி. மற்றவர் முதன்மைச் செயல் அலுவலர். வேளாண்மைப் பட்டம் பெற்ற இளைஞர். என் பழைய மாணவி ஒருத்தி என் முகவரியைக் கொடுத்திருந்தாளாம்.

“ஐயா, ஆண்டறிக்கையத் தமிழ்ல போடணும். கம்பெனிக்காரங்க ஒண்ணு போட்டுக் குடுத்திருக்காங்க. படிச்சா எனக்கே வெளங்கல,” என்றார் தலைவர்.

அவர் ‘கம்பெனிக்காரங்க’ என்றது சென்னையில் உள்ள ஓர் ஆலோசனை நிறுவனத்தை. ஆங்கில அறிக்கையை ஆக்கியவர்கள் அவர்களே. தமிழ்ப்படி என்று அவர்கள் அனுப்பியதை வாங்கிப் படித்தேன். முதற்பக்கத்திலேயே எனக்குத் தலை சுற்றியது. ‘உங்கள் நிறுவனம் வலுவான எதிர்க்காற்றுகளை எதிர்கொண்டது.’ அடுத்த வரி: ‘தாழத் தொங்கும் கனிகளை முதலில் பறிப்பதில் நிர்வாகம் கவனம் செலுத்தியது.’ அதற்கும் கீழே: ‘எந்தக் கல்லையும் புரட்டாமல் விடவில்லை.’

“எதிர்க்காத்துன்னா ஆடிக் காத்தாய்யா?” என்று தலைவர் கேட்டார். “ஆடிக் காத்துல மட்டை விழும், எளங்காய் விழும். போன வருசம் காத்தே இல்லையே. மழைதான பேஞ்சு கெடுத்துச்சு?”

“காற்றும் இல்லை, மழையும் இல்லை அம்மா. இடையூறு என்பதை ஆங்கிலத்தில் அப்படிச் சொல்வார்கள்.”

“அப்ப இந்தக் கனி? தென்னையில எதுய்யா தாழத் தொங்குது? ஏறித்தான பறிக்கணும்?”

இளைஞர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஒரு மொழியின் சொல்லைப் பெயர்த்துவிட்டுப் பொருளை அந்த மொழியிலேயே விட்டுவிட்டு வருகிறவர்களுக்கு ஊதியமும் கொடுக்கிறார்கள் என்பதை எண்ணி எரிச்சல்தான் வந்தது. இசைந்தேன். எரிச்சலில் இசைந்தது முதற்பிழை.

அறிக்கைக்கு அவர்கள் இவ்வளவு மெனக்கெட்டதற்குக் காரணம் இருந்தது. வீடு வீடாக ஏறி இறங்கி, அக்கம்பக்கத்து விவசாயிகளைப் பங்கு வாங்க வைத்து நிறுவனத்தைத் தொடங்கியவர் இத்தலைவர். இடைத்தரகர் கையை எதிர்பாராமல் கொப்பரையைத் தாமே உலர்த்தி விற்பது திட்டம். உலர்த்தும் இயந்திரம் வந்தது; அதற்கான மின்னிணைப்பு வரவில்லை. பருவந் தப்பிப் பெய்த மழையில், உறுப்பினர்கள் கொண்டுவந்து கொட்டியிருந்த, பாதி மட்டுமே காய்ந்த அரைக்காய்ச்சல் கொப்பரை உலர்கூடத்திலேயே பூஞ்சணம் பிடித்தது. மனம் வெறுத்த உறுப்பினர்களுள் பலர் மீண்டும் வாசலுக்கு வரும் வியாபாரியிடமே போடத் தொடங்கிவிட்டனர். இப்போது மின்னிணைப்பு வந்துவிட்டது, கொப்பரைதான் வரவில்லை. எனவே ஒவ்வோர் உறுப்பினரும் தம் கொப்பரையில் பாதியையேனும் நிறுவனத்துக்கே தர வேண்டும் என்று அமைப்பு விதியைத் திருத்த இயக்குநர் குழு விரும்பியது. அதற்குச் சிறப்புத் தீர்மானம் தேவை. எதிர்ப்பவர் ஒருவருக்கு ஆதரிப்பவர் மூவராவது இருந்தாலன்றி அது நிறைவேறாது. நிறைவேறாவிட்டால் கூடத்தைப் பூட்ட வேண்டியதுதான். “பூட்டுறதுகூடப் பரவாயில்லைய்யா,” என்றார் அவர். “நான் கூப்ட்டுத்தான் அம்புட்டுப் பேரும் வந்தாக. நாளைக்கு அதே தெருவுல நான் நடக்கணும்ல?”

ஆகவே அறிக்கை முறையானதாகவும் இருக்க வேண்டும்; கேட்பவரை இசைய வைப்பதாகவும் இருக்க வேண்டும். கூட்டத்துக்குப் பதினான்கு நாள் முன்னதாக அறிவிப்போடு ஒவ்வோர் உறுப்பினருக்கும் அது போய்ச் சேர வேண்டும். கூட்டத்தில் தலைவரே அதை வாய்விட்டு வாசிப்பது அங்குள்ள வழக்கம். கையில் அச்சுப்படி இருந்தாலும், வாசித்துக் கேட்ட பிறகுதான் கைதூக்குவார்கள்.

ஐந்து நாளில் ஒரு படி முடித்தேன். இன்று அதை எடுத்துப் பார்த்தால் கூச்சமாக இருக்கிறது; அன்று பெருமிதமாக இருந்தது. எதிர்க்காற்றையும் தாழ்ந்த கனியையும் ஒழித்துவிட்டு, ‘பைந்தமிழ் நிலத்தின் பாடாற்றும் பெருமக்களே’ என்று தொடங்கியிருந்தேன். ‘எண்ணற்ற இன்னல்களைப் பொருட்படுத்தாது வெற்றிவாகை நோக்கி வீறுநடை போடும் நமது நிறுவனம்’ என்றெல்லாம் வந்தது. ஆங்கிலத்தில் இயக்குநர்கள் ‘மகிழ்ச்சியுடன்’ அறிக்கையை அளிக்கிறார்கள். நான் அதை ‘உவகை பொங்க’ ஆக்கியிருந்தேன்.

நிறுவன அலுவலகத்துக்கு எடுத்துச் சென்றேன். அது உலர்கூடத்தை ஒட்டிய ஓரறை. தலைவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு உரக்க வாசித்தார். முதற்பத்தி முடிந்ததும் நிறுத்தினார்.

“ஐயா கோவிச்சுக்கக் கூடாது.”

“சொல்லுங்கள்.”

“கல்யாண வீட்டுல பிரேம் போட்டுக் குடுப்பாகள்ல, வாழ்த்து மடலு… அது மாதிரி இருக்கு.”

செயல் அலுவலர் சட்டென்று எழுந்து தண்ணீர் எடுக்கப் போனார். சிரிப்பை வெளியே கொண்டுபோனார் என்பது எனக்குத் தெரியும்.

“இதுல என்ன குறை?” என்று சற்று வெடுக்கென்றே கேட்டேன்.

“குறையில்லாம இருக்கதுதான்யா குறை. எந்தங்கச்சி வீட்டுக்காரரு கொப்பரையும் அந்தக் கூடத்துலதான் பூத்துப்போச்சு. அவரு முன்வரிசையில ஒக்காந்திருப்பாரு. நான் மைக்கப் பிடிச்சு ‘உவகை பொங்க’ன்னு வாசிச்சா, செருப்பக் கழட்ட மாட்டாரு, கழட்டணும்னு நெனப்பாரு.”

தாளைத் திருப்பி வாங்கிக்கொண்டேன். சினம் அவர் மேல் இல்லை. சென்னைக்காரர்கள் ஆங்கிலத்தின் ஆடையைத் தமிழுக்குப் போட்டார்கள் என்று ஏசியவன், நான் மேடையின் ஆடையை விவசாயியின் அறிக்கைக்குப் போட்டிருந்தேன்.

“சரி, தங்கச்சி வீட்டுக்காரரிடம் இதை நீங்கள் எப்படிச் சொல்வீர்கள்?” என்றேன்.

“எப்படிச் சொல்றது… ‘மச்சான், மிசினு வந்துருச்சு, கரண்டு வரல. நாங்கதான் மனுவ லேட்டாக் குடுத்தோம். அதுக்குள்ள மழை வந்துருச்சு. ஒங்க கொப்பரை கெட்டது எங்களாலதான். இப்ப கரண்டு வந்துருச்சு, ஒரு மாசமா ஓட்டிப் பாத்தாச்சு. ஆனா கொப்பரை வந்தாத்தான ஓடும்? பாதியாவது குடுங்க’ன்னு சொல்வேன்.”

அதை அப்படியே ஒரு தாளில் குறித்துக்கொண்டேன். நேர்ந்தது, யாரால் நேர்ந்தது, இப்போது செய்திருப்பது, இனி வேண்டுவது. ஆங்கில அறிக்கையிலோ வரிசை தலைகீழ்: முதலில் மகிழ்ச்சி, பிறகு வளர்ச்சி, பிறகு எவர் செய்ததென்றே தெரியாத வகையில் ‘இணைப்பு பெறுவதில் தாமதம் ஏற்பட்டது’, கடைசியில் நம்பிக்கை. தமிழில் இழப்பைக் கண்டவனிடம் அந்த வரிசையில் பேசினால், நாம் வேண்டுகோளை எட்டுவதற்குள் அவன் காது மூடிக்கொள்கிறது.

ஆனால் ஒரு தடை இருந்தது. மனுவைத் தாமதமாகக் கொடுத்தது நிறுவனமே என்று ஆங்கிலத்தில் இல்லை. இயக்குநர் குழு ஏற்றுக் கையொப்பமிடும் அறிக்கை ஆங்கிலத்தில் உள்ளது. மொழிபெயர்ப்பவன் அதில் இல்லாத உண்மையைச் சேர்த்தல் ஆகாது. நடையை மாற்றலாம், உவமையை நீக்கலாம். பொருளைக் கூட்டவோ குறைக்கவோ எனக்கு உரிமையில்லை. இதைச் சொன்னேன்.

தலைவர் செயல் அலுவலரைப் பார்த்தார். அவர் முகம் வெளுத்திருந்தது. மனுவைத் தாமதப்படுத்தியது அவருடைய மேசைதான். “தம்பி, அறிவிப்பு இன்னும் போகலைல? அப்ப இங்கிலீசுலயும் மாத்து. கூட்டம் போட்டு ஏத்துக்குவோம். நீ ஒருத்தன் இல்ல, நானுந்தான் கேக்காம விட்டேன். ‘நாங்க’ன்னே போடு.” அந்த வாரமே குழு கூடி அந்த ஒரு வாக்கியத்தை ஆங்கிலத்திலும் மாற்றி, அறிக்கையை ஏற்றது. இவ்வளவு நாள் தமிழுக்காக நான் உழைத்ததாக எண்ணியிருந்தேன். முதலில் திருந்தியது ஆங்கிலம்.

பிறகு எழுதியது விரைவாக வந்தது. அடைமொழிகளை உதிர்த்தேன். ‘உங்கள் நிறுவனம்’ என்பதை எங்கும் ‘நமது நிறுவனம்’ ஆக்கினேன். குறை சொல்லுமிடத்தில் செய்தவரை எழுவாயாக நிறுத்தினேன். வேண்டுகோளை ஆணையாகவோ அறிவுரையாகவோ விடாமல், காரணத்தை முன்னே வைத்து முடித்தேன்: ‘உலர்கூடம் தடையின்றி இயங்க, உறுப்பினர் ஒவ்வொருவரின் கொப்பரையிலும் பாதியேனும் வந்து சேர்தல் இன்றியமையாதது. ஆதலின், இத்திருத்தத்துக்கு அன்புகூர்ந்து இசைவளிக்குமாறு இயக்குநர் குழு பணிவுடன் வேண்டுகிறது.’ எவர் முன்னும் குனியாத பணிவு அது. நம் ஊரில் திருமண அழைப்பும் நகராட்சிக்கு எழுதும் மடலும் இந்தப் பணிவில்தான் நிமிர்ந்து நிற்கின்றன.

செயல் அலுவலர் அதைச் சென்னை ஆலோசனை நிறுவனத்துக்கும் அனுப்பியிருந்தார்; மறுநாள் அங்கிருந்து ஆலோசகர் செல்பேசியில் அழைத்தார்.

“சார், உங்க டிராஃப்ட்ட திரும்ப இங்கிலீஷுக்கு மாத்திப் பாத்தேன். நிறைய மிஸ் ஆகுது சார்.”

“எதில் மாற்றிப் பார்த்தீர்கள்?”

“கம்ப்யூட்டர்லதான் சார். செக் பண்றதுக்கு. எதிர்க்காத்து மேட்டர் இல்ல, கனி இல்ல. அதவிட, கடைசில கம்பெனி கெஞ்சுற மாதிரி வருது சார். ஒரு போர்டு மெம்பர்ஸ்கிட்ட போய்க் கெஞ்சுமா?”

“ஐயா, அது கெஞ்சல் இல்லை. தமிழில் முறையான வேண்டுகோள் அப்படித்தான் அமையும்.”

“ஸ்க்ரீன்ல அப்படி வரலையே சார்.”

நான் எழுதியதன் தரத்தைத் தமிழறியாத ஒரு கருவி மதிப்பிட்டு, அதன் தீர்ப்பை ஒரு தமிழர் எனக்கு வாசித்துக் காட்டுகிறார்! அரைமணி நேரம் வழக்காடினேன். ‘அரைக்காய்ச்சல் கொப்பரை’ என்பது அவர் திரையில் காய்ச்சல் கண்ட கொப்பரையாகத் தெரிந்ததாம். அதையும் நான் விளக்க வேண்டியதாயிற்று. வேண்டுகோளை விட்டுக்கொடுக்க மறுத்தேன். கடைசியில் அவர் ஒன்றே ஒன்றைக் கேட்டார். ஆங்கிலத்தின் இறுதிப்பத்தியில், இயக்குநர்கள் எச்சரிக்கை கலந்த நம்பிக்கையோடும் புதிய ஊக்கத்தோடும் வருங்காலத்தை நோக்குவதாக ஒரு வரி உண்டு. அதை நான் விட்டிருந்தேன். “அந்த ஒரு லைனாவது வரணும் சார். ரெண்டும் ஒண்ணா இருக்கணும்னு நீங்கதான சொன்னீங்க?”

என் சொல்லாலேயே என்னை மடக்கினார். பொருளைக் குறைக்க உரிமையில்லை என்றவன் நான். அவ்வரியில் பொருள் என்று ஏதும் இல்லை என்பதை அன்றே சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. ஏனெனில், அவர் பேசிக்கொண்டிருக்கும்போதே என் மனத்தில் அவ்வரி தமிழில் உருக்கொள்ளத் தொடங்கிவிட்டது. உண்மையை மறைப்பானேன்? சில நாளாக அடைமொழியின்றிப் பட்டினி கிடந்த கை அது. எழுதினேன்:

‘இடர்ப்பாடுகளின் நடுவேயும் தளராது, விழிப்பார்ந்த நம்பிக்கையொளி வழிகாட்ட, புத்தூக்கத்துடன் வருங்காலத்தை எதிர்நோக்குகிறது நமது இயக்குநர் குழு.’

ஆலோசகர் அதையும் ஆங்கிலத்துக்குத் திருப்பிப் பார்த்து, “சூப்பர் சார், பெர்ஃபெக்ட்டா மேட்ச் ஆகுது,” என்றார். அந்தப் பாராட்டே எனக்கு எச்சரிக்கையாக இருந்திருக்க வேண்டும். அப்படியே அச்சுக்குப் போயிற்று.

உறுப்பினர் பேரவை ஒரு கல்யாண மண்டபத்தில் கூடியது. என்னையும் அழைத்திருந்தார்கள், பக்கவாட்டில் ஒரு நாற்காலியில் அமர்ந்தேன். பின்புறச் சமையற்கட்டிலிருந்து சாம்பார் மணம் வந்துகொண்டிருந்தது. தலைவர் வாசித்தார். ‘மின்னிணைப்புக்கான மனுவை நாங்கள் உரிய காலத்தில் அளிக்கத் தவறினோம்’ என்ற இடத்தில் மண்டபம் அடங்கியது. முன்வரிசையில் ஒருவர் கைகளைக் கட்டிக்கொண்டு தரையையே பார்த்திருந்தார். தங்கையின் கணவர் அவராகத்தான் இருக்க வேண்டும். பூஞ்சணம் பிடித்த கொப்பரையைப் பற்றிய பத்தி முடிந்தபோது அவர் கட்டிய கை அவிழ்ந்தது. எனக்குள் ஒரு நிறைவு. இத்தனை நாள் எரிச்சலுக்கும் இது போதும் என்றிருந்தது.

இறுதிப்பத்திக்கு வந்தார். ‘இடர்ப்பாடுகளின்…’ என்று தொடங்கினார். ஒலிபெருக்கி கொரகொரத்தது. ‘விழிப்பார்ந்த’ என்ற இடத்தில் நா தடுக்கியது. மீண்டும் முயன்றார். என்னை ஒரு பார்வை பார்த்தார். பிறகு அமைதியாக அவ்வரியைத் தாண்டி நேரே வேண்டுகோளுக்குப் போய்விட்டார்.

பின்வரிசையிலிருந்து ஒரு குரல் எழுந்தது. “யக்கா, ஒரு வரிய விட்டுட்ட!”

“ஒண்ணுமில்லப்பா, வாய்ல நுழையல.”

“நுழையலையா, நுழைக்க மாட்டியா?” சிரிப்பு. இன்னொருவர் எழுந்தார். “இந்தா, என் கையில இருக்கு. ‘நம்பிக்கையொளி வழிகாட்ட’ன்னு போட்டிருக்கு. ஏன் இத மட்டும் வாசிக்கல? கடைசிப் பக்கத்துல பொடி எழுத்துலதான் எல்லாப் பயலும் விசயத்த வைப்பான். பாதிக் கொப்பரையா, முழுக் கொப்பரையா? அத இதுலதான் ஒளிச்சு வச்சிருக்கீகளா?”

“அப்பு, சொல்றதக் கேளு…”

“அதெல்லாம் வேணாம். என்ன அர்த்தம்னு சொல்லச் சொல்லு. பெறவு கை தூக்குறோம்.”

மண்டபம் முழுவதும் தாள் புரளும் ஓசை. எல்லாரும் அந்த ஒரு வரியைத் தேடினர். தங்கையின் கணவரும் தாளைக் கண்ணருகே பிடித்தார். அவர் கை மீண்டும் கட்டிக்கொண்டது. தம் குற்றத்தை ஒளிக்காமல் சொன்ன இரண்டு பக்கங்களும் ஒரு நொடியில் பயனற்றுப் போயின. ஒன்றும் சொல்லாத வரியில்தான் ஏதோ இருக்கிறது என்று எல்லாரும் நம்பினர். தலைவர் என்னைப் பார்த்தார். இம்முறை அந்தப் பார்வையில் கோபம் இருந்தது.

எழுந்தேன். ஒலிபெருக்கியைக் கையில் கொடுத்தார்கள். நாற்பது நிமிட விளக்கம் எனக்கு வரும். சொல்லுக்குச் சொல் உரை கூறவும் வரும். வாய் திறந்தபோது அவையெல்லாம் எங்கோ போயின.

“அந்த வரியை எழுதியவன் நான். அதில் விதி ஏதும் இல்லை. கொப்பரை பற்றியும் ஒன்றும் இல்லை. ‘இனி நன்றாக நடக்கும் என்று நம்புகிறோம்’ என்பதுதான் அதன் பொருள்.”

“அதுக்கு எதுக்குய்யா இம்புட்டு நீளம்?”

“அழகுக்காக எழுதினேன்,” என்றேன்.

மண்டபம் முழுவதும் சிரிப்பு வெடித்தது. சமையற்கட்டிலிருந்துகூட ஒருவர் எட்டிப் பார்த்தார். கேள்வி கேட்டவர் சிரித்துக்கொண்டே, “அழகா? கூடத்துல கொப்பரை பூத்துப்போயி நிக்கிறவனுக்கு அழகையா காட்டுறீக? சரி விடுங்க வாத்தியாரய்யா, அத அடிச்சுருங்க. சோறு ஆறுது,” என்றார். முன்வரிசையில் அமர்ந்திருந்த தங்கையின் கணவர் எழுந்து, “அடிச்சதக் குறிப்பேட்டுலயும் எழுதுங்க. நாளைக்கு யாரும் இந்த வரியத் தூக்கிட்டு வரக்கூடாது,” என்று மட்டும் சொல்லி அமர்ந்தார். எல்லாரும் பேனா எடுத்துத் தத்தம் படியில் ஒரு கோடு இழுத்தார்கள். அத்தனை பேனாக்களும் ஒன்றாக இழுத்த அந்த ஓசையை நான் மறக்கப்போவதில்லை.

பிறகு தலைவர் வேண்டுகோளை மீண்டும் வாசித்தார். ‘அன்புகூர்ந்து இசைவளிக்குமாறு பணிவுடன் வேண்டுகிறது.’ கைகள் எழுந்தன. எண்ணினார்கள்; ஐயம் வந்து ஒருமுறை மீண்டும் எண்ணினார்கள். தீர்மானம் நிறைவேறியது. தங்கையின் கணவர் கை தூக்கினாரா என்று பார்க்க முயன்றேன். நடுவே ஒருவர் எழுந்து மறைத்துவிட்டார். ஆனால் பந்தியில் தலைவர் அவருக்குத் தாமே அப்பளம் வைத்ததையும், அவர் வேண்டாம் என்று சொல்லாததையும் கண்டேன்.

விடைபெறும்போது தலைவர் வாயில்வரை வந்தார். “ஐயா, அடுத்த வருசமும் நீங்கதான் எழுதணும்.”

“அந்த வரிக்குப் பிறகுமா?”

“அந்த வரிக்காகத்தான்யா. ‘ஒங்க வாத்தியாரு ஒழுங்கா ஒத்துக்கிட்டாரு’ன்னு தங்கச்சி வீட்டுக்காரரே சொன்னாரு. ஆனா ஒண்ணு, எழுதி முடிச்சதும் மொதல்ல எனக்கு வாசிச்சுக் காட்டணும். அந்த மெட்ராஸ்காரருக்கு இல்ல.”

மறுநாள் ஆலோசகரிடமிருந்து மின்னஞ்சல் வந்தது. ஆங்கிலத்தில் உள்ள வரி தமிழில் இல்லாமற் போனதால் இரண்டும் ‘மேட்ச் ஆகவில்லை’ என்று வருந்தியிருந்தார். அதற்கு இன்னும் நான் மறுமொழி அனுப்பவில்லை.

நினைவிலிருந்து எழுதுகிறேன். கூட்டத்தில் யார் முதலில் எழுந்தார், எந்தச் சொல்லில் தலைவரின் நா தடுக்கியது என்பவற்றில் என் நினைவு பிறழ்ந்திருக்கலாம். உற்பத்தியாளர் நிறுவனச் சட்டத்தைப் பற்றி நான் சொன்னவை கேட்டறிந்தவை; கற்றறிந்தவை அல்ல. அன்று மண்டபத்தில் இருந்தவர்களோ சட்டம் அறிந்தவர்களோ பிழை கண்டால் தயங்காது திருத்த வேண்டுகிறேன். எச்சரிக்கை கலந்த நம்பிக்கை என்பதை, தென்னை விவசாயி ஒருவர் தடுக்காமல் வாசிக்கும்படி, மூன்று சொல்லுக்குள் எழுதத் தெரிந்தவர் எவரேனும் இருந்தால் அதையும் தெரிவியுங்கள். அடுத்த ஆண்டறிக்கைக்கு இன்னும் நாளிருக்கிறது.